விருதுச் சின்னத்தை விடுங்கள், வசனக் காட்சியைக் கேளுங்கள்

சின்ன பட்ஜெட் சுயாதீனப் படம் தேடுகிறவர்களில் நிறையப் பேர் முதலில் பார்ப்பது போஸ்டரின் தலையில் வரிசையாக நிற்கும், விழா விருதுகளைக் காட்டும் அந்த இலைவளையச் சின்னங்களைத்தான். என்னைக் கேட்டால் அதற்கு மதிப்பே கொடுக்க வேண்டாம். நுழைவுக் கட்டணம் கட்டினால் ஏதாவது ஒரு பிரிவில் விருது தந்துவிடும் மாதாந்திர இணைய விழாக்கள் ஏராளம், பலவற்றில் திரையிடல்கூடக் கிடையாது. ஐஎம்டிபி மதிப்பெண்ணும் அப்படித்தான், அறுபது பேர் ஓட்டுப் போட்டு 9.1 என்றால் அந்த அறுபது பேர் யார் என்று சொல்லவா வேண்டும்!

படத்துக்கு நிதி திரட்டும் இணையப் பக்கத்தில் நான் பார்ப்பது வேறு. 2012-ல் அமெரிக்க இயக்குநர் ஜெரமி சால்னியர் ‘ப்ளூ ருயின்’ படத்துக்காக, பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 35,000 டாலர் கேட்டார். பெரிய நட்சத்திரம் யாருமில்லை, நாயகன் மேக்கன் பிளேர் அவருடைய சிறுவயது நண்பர். ஆனால் சால்னியர் 2007-லேயே ஒரு படத்தை இயக்கி முடித்தவர், அப்புறம் மற்றவர்களின் சின்னப் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்துகொண்டிருந்தவர், இந்தப் படத்துக்கும் கேமரா அவர்தான். அதாவது கேட்ட காசை எதில் மிச்சம் பிடிப்பது என்று தெரிந்த ஆள். திரட்டிய பணம் போதாமல் குடும்பச் சேமிப்பையும் கிரெடிட் கார்டையும் போட்டுத்தான் முடித்தார். 2013-ல் கான் திரைப்பட விழாவை ஒட்டி நடக்கும் இயக்குநர் இருவாரப் பிரிவில் விமர்சகர்களின் ஃபிப்ரெஸ்கி விருது கிடைத்தது. பணம் கேட்பவர் இதற்கு முன் எதையாவது முடித்திருக்கிறாரா, இந்தத் தொகை எந்த வேலைக்கு என்று எழுதியிருக்கிறாரா, இந்த இரண்டும் இல்லாத பக்கத்தில் கான்செப்ட் ஓவியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் நகர்ந்துவிடுவேன்.

அடுத்தது டிரெய்லர். படம் எப்படி இருக்கிறது என்று பார்க்காதீர்கள், இன்று சுமாரான கேமராவிலும் படம் அழகாகவே வரும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு இரண்டு பேர் பேசும் இடத்தைக் கேளுங்கள். ஷாட் மாறும்போது பின்னணியில் இருக்கும் ஃபேன் சத்தமோ தெருச் சத்தமோ வெட்டி வெட்டி வருகிறதா, ஒருவர் குரல் பக்கத்திலும் மற்றவர் குரல் குளியலறைக்குள்ளும் இருக்கிறதா? ஒலியில் கோட்டை விட்டவர்கள் பெரும்பாலும் எடிட்டிங்கிலும் விட்டிருப்பார்கள். டிரெய்லர் முழுக்க இசையும் ட்ரோன் ஷாட்டும் மட்டுமே, ஒரு வசனம்கூட முழுசாக இல்லை என்றால் என் சந்தேகம் இன்னும் கூடும்.

சின்ன விநியோகஸ்தர்கள் விஷயத்தில் ஒரே ஒரு வித்தியாசம் தெரிந்தால் போதும். சிலர் படம் பார்த்துத் தேர்ந்தெடுத்து வாங்குகிறவர்கள், சிலர் தயாரிப்பாளரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு ஓடிடி தளங்களில் ஏற்றிவிடுகிறவர்கள். பின்னவர்களுக்குப் படம் நன்றாக இருந்தாக வேண்டிய அவசியம் எதுவுமில்லை, அதனால் ஒரு படம் பெரிய தளத்தில் கிடைக்கிறது என்பது மட்டும் தரத்துக்குச் சான்று ஆகாது. நான் அந்த நிறுவனத்தின் பட்டியலைத் திறந்து, ஏற்கெனவே பார்த்த இரண்டு மூன்று படங்கள் அதில் இருக்கின்றனவா என்று தேடுவேன். பிடித்தவை இருந்தால் பெயர் தெரியாத நான்காவது படத்தையும் நம்பி வாடகைக்கு எடுப்பேன். அட்டைப் படத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், எல்லா அட்டையிலும் வெடிக்கும் காரும் துப்பாக்கியும் மட்டும் இருந்தால், உள்ளே இருப்பது இரண்டு பேர் சமையலறையில் பேசும் படமாகக்கூட இருக்கலாம், அது நல்ல படமாகவும் இருந்து தொலைக்கும்!