கோழி எருவுக்கும் அளவு உண்டு

"கோழி எரு இயற்கை உரம்தானே, தழைச்சத்துத் தேவை முழுவதுக்கும் அதையே கொட்டலாம்."

இப்படி ஒரு செய்தி பரவுகிறது. இது தவறு. ஓர் எருவின் ஆய்வறிக்கை டன்னுக்குத் தழைச்சத்து 25 கிலோ, மணிச்சத்து 20 கிலோ என்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீரிய மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்குச் சுமார் 100 கிலோ தழைச்சத்தும் 30 கிலோ மணிச்சத்தும் வேண்டும். எருவின் தழைச்சத்தில் பாதிதான் முதல் பயிருக்குக் கிடைக்கும் என்று கொண்டால் 8 டன் போட வேண்டிவரும். அப்புறம் மணிச்சத்து 160 கிலோ இறங்கிவிடும்! மிஞ்சுவது மண்ணில் தங்கித் துத்தநாகப் பற்றாக்குறையைக் கூட்டும். மழையில் அரித்துப் போனால் குளத்தில் பாசி பெருகும்.

மணிச்சத்தை வைத்துக் கணக்கிடுங்கள்: 30 ÷ 20 = 1.5 டன். குறையும் தழைச்சத்துக்கு யூரியா. அறிக்கையில் மணிச்சத்து P₂O₅ என்றில்லாமல் வெறும் P என்றிருந்தால் அந்த அளவை 2.29-ஆல் பெருக்க வேண்டும். பயிர்ப் பரிந்துரையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக இணையதளத்திலும், உங்கள் நிலத்தின் இருப்பை மண் பரிசோதனை நிலையத்திலும் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.