எருக்கஞ்செடி வெட்டுக்கிளியும் பாலைவன வெட்டுக்கிளியும்

"தண்டையார்பேட்டையில் ரயில் பாதை ஓரம் எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலமுமாக வெட்டுக்கிளிகள் கூட்டமாக இருக்கின்றன. சாதாரண பச்சை வெட்டுக்கிளிதான் இப்படி நிறம் மாறிப் படையாகிறதா?"

இல்லை சகோதரி, அது வேறு இனம். வளர்ந்த பூச்சிக்கு அந்த நிறம் இயல்பானதுதான், எருக்கிலையை விரும்பித் தின்னும். பயப்பட வேண்டாம்.

படையாக மாறுவது பாலைவன வெட்டுக்கிளி. மழைக்குப் பின் அதன் எண்ணிக்கை பெருகும். அப்புறம் நிலம் காய்ந்து, பசுமை சில திட்டுகளாகச் சுருங்கும்போது எல்லாம் அங்கேயே வந்து நெருக்கியடிக்கும். அப்போது ஒன்றின் உடல் இன்னொன்றின் பின்னங்கால் தொடையில் திரும்பத் திரும்ப உரசும். இதுதான் முக்கியமான தூண்டுதல். ஆய்வகத்தில் தனியாக வளர்த்த பூச்சியின் அந்தத் தொடையை மெல்லிய தூரிகையால் சில மணி நேரம் விட்டுவிட்டு வருடினார்கள். வேறு துணையே இல்லாமல் அது கூட்டத்தை நாடத் தொடங்கிவிட்டது! உரசல் நரம்பு மண்டலத்தில் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளைக் கூட்டுகிறது. அதைத் தடுத்தால் இந்த மாற்றம் நடப்பதில்லை.

நிறம் மட்டும் அவ்வளவு சீக்கிரம் மாறாது. பச்சைக் குஞ்சுகள் தோலுரிக்கும்போதுதான் மஞ்சளும் கறுப்புமாகும். இறக்கை முளைத்ததும் இளஞ்சிவப்பு, முட்டையிடும் பருவத்தில் மஞ்சள். உடல் அமைப்பு முழுதாக மாறத் தலைமுறைகள் ஆகும். அதனால் நிறத்தைப் பார்ப்பதைவிட, குஞ்சுகள் சேர்ந்து ஒரே திசையில் நகர்கின்றனவா என்று பாருங்கள். உங்கள் எருக்கஞ்செடிப் பூச்சிகள் இலையை விட்டு எங்கும் படையெடுக்காது.