சைன் அப் ஏற்றுக்கொண்ட பாஸ்வேர்டை லாகின் ஏன் மறுக்கிறது?

லாகின் திரையைக் காட்டி "எப்படி இருக்கிறது, சொல்லுங்கள்" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் எதிர்பார்ப்பது நிறத்தையும் இடைவெளியையும் பற்றிய பேச்சைத்தான். பட்டன் முனை வளைவாக இருக்கட்டுமா, லோகோ நடுவில் வரட்டுமா என்பது மாதிரி. எனக்கு அதில் பெரிய அக்கறை கிடையாது. நான் முதலில் செய்வது ஒரே ஒரு சோதனை. 24 எழுத்துள்ள பாஸ்வேர்டு ஒன்றைப் பாஸ்வேர்டு மேனேஜரில் உருவாக்கி, நகலெடுத்து, சைன் அப் பெட்டியில் ஒட்டிக் கணக்குத் தொடங்குவேன். பிறகு வெளியே வந்து, அதே பாஸ்வேர்டை லாகின் பெட்டியில் ஒட்டிப் பார்ப்பேன். இதில் தோற்கிற திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு அது தோற்ற திரைதான்.

இதில் தோற்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. சைன் அப் திரை, லாகின் திரை, பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கான திரை இந்த மூன்றையும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு சமயத்தில் எழுதியிருப்பார்கள். சைன் அப் திரையில் யாரோ இப்படி ஒரு வரி போட்டிருப்பார்:

```html
<input type="password" name="password" maxlength="16">
```

லாகின் திரையில் அந்த `maxlength` இருக்காது. பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் குரோம் போன்ற உலாவியில் 24 எழுத்தை இந்தப் பெட்டியில் ஒட்டினால், முதல் 16 மட்டும் உள்ளே போகும், மீதி எட்டு விழுந்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. திரையில் தெரிவது வெறும் புள்ளிகள். அவை 16 இருக்கின்றனவா, 24 இருக்கின்றனவா என்று யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள்? கணக்குத் தொடங்கியாயிற்று, வரவேற்பு மின்னஞ்சலும் வந்தாயிற்று. பாஸ்வேர்டு மேனேஜரில் இருப்பது 24 எழுத்து, அவர்களுடைய சர்வரில் பதிவானது 16 எழுத்து.

புதியவர் அடுத்த நாள் திரும்ப வருகிறார். 24 எழுத்தையும் அப்படியே ஒட்டுகிறார். லாகின் பெட்டி எதையும் வெட்டாததால் 24-ம் சர்வருக்குப் போகிறது. "மின்னஞ்சல் அல்லது பாஸ்வேர்டு தவறு" என்று சிவப்பில் பதில். மறுபடி ஒட்டுகிறார், அதே பதில். சரி, ஏதோ குளறுபடி என்று "பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?" பக்கம் போகிறார். மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் திறந்து, அதே பாஸ்வேர்டையே மறுபடி வைத்துக்கொள்வோம் என்று ஒட்டுகிறார். அந்தத் திரையை எழுதியவர் சைன் அப் திரையிலிருந்து பெட்டியை நகலெடுத்திருக்கிறார், ஆகவே இங்கேயும் 16 எழுத்தோடு வெட்டு. இப்போது சர்வர் சொல்கிறது: "பழைய பாஸ்வேர்டையே மீண்டும் பயன்படுத்தக் கூடாது."

யோசித்துப் பாருங்கள். ஒரு திரை அந்தப் பாஸ்வேர்டு தவறு என்கிறது, அடுத்த திரை அதுதான் உங்கள் பாஸ்வேர்டு என்கிறது. இரண்டு செய்தியும் சர்வர் கணக்கில் சரிதான். பயன்படுத்துபவருக்கு மட்டும் பைத்தியம் பிடிக்கிறது. வாடிக்கையாளர் உதவிக்கு அவர் எழுதினால் "பெட்டி என் பாஸ்வேர்டை வெட்டுகிறது" என்றா எழுதப்போகிறார்? "சரியாகத்தான் அடிக்கிறேன், உள்ளே விட மாட்டேன் என்கிறது" என்றுதான் எழுதுவார். பதிலுக்கு அவர்கள் "கேப்ஸ் லாக் பார்த்தீர்களா?" என்று கேட்பார்கள். எனக்கு இதில் எரிச்சலூட்டுவது, மாட்டிக்கொள்வது யார் என்பதுதான். பெயரோடு 123 சேர்த்து வைப்பவர் ஜாலியாக உள்ளே போய்விடுவார். ஒழுங்காக நீளமான பாஸ்வேர்டு வைப்பவர்தான் வாசலில் நிற்பார்.

இது நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. லாகின் பெட்டியில் பாஸ்வேர்டின் கடைசி எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வாருங்கள். (சில தளங்கள் நாலைந்து தடவைக்கு மேல் தவறினால் கணக்கைப் பூட்டிவிடும், ஆகவே 20, 16, 12 என்று தாவிப் பாருங்கள்.) ஏதோ ஓரிடத்தில் கதவு திறந்தால் சைன் அப் வெட்டியிருக்கிறது. இன்னொரு சோதனையும் உண்டு: சரியாக வேலை செய்கிற நீளமான பாஸ்வேர்டின் கடைசியில் ஒரு எழுத்து கூடுதலாகச் சேர்த்து லாகின் செய்யுங்கள். அப்போதும் உள்ளே விட்டால் லாகினிலும் வெட்டு நடக்கிறது என்று பொருள். இது முதல் வகையைவிட மோசம், ஏனென்றால் யாரும் புகார் செய்யவே மாட்டார்கள்.

"தரவுத்தளத்தில் இடம் வேண்டாமா, அதனால்தான் 16" என்று ஒருவர் என்னிடம் விளக்கம் கொடுத்தார். பாஸ்வேர்டை யாரும் அப்படியே சேமிக்கக் கூடாது. அதிலிருந்து கணக்கிட்டெடுத்த, மறுபடி பாஸ்வேர்டாக மாற்ற முடியாத குறியீடான ஹாஷைத்தான் சேமிக்க வேண்டும். பிகிரிப்ட் என்ற ஹாஷ் முறையில் பாஸ்வேர்டு எட்டு எழுத்தானாலும் ஐம்பது எழுத்தானாலும் ஹாஷ் 60 எழுத்துதான். ஆகவே இடம் போதவில்லை என்று யாராவது சொன்னால், பாஸ்வேர்டை அப்படியே சேமிக்கிறார்களோ என்று எனக்கு வேறு பயம் வந்துவிடுகிறது.

பிகிரிப்டுக்கும் ஒரு எல்லை உண்டு, 72 பைட். அதற்கு மேல் உள்ளதைப் பல நூலகங்கள் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஆங்கிலத்தில் அது 72 எழுத்து, யாருக்கும் உறைக்காது. தமிழில் நீளமான வாக்கியத்தையே பாஸ்வேர்டாக வைப்பவர் கொஞ்சம் கவனிக்க வேண்டும். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிக்கும். "கொ" என்பது க-வும் கொம்புக்காலும் சேர்ந்து 6 பைட். அப்படியானால் 24 குறிகளோடு கதை முடிந்தது.

சரி, என்னதான் செய்ய வேண்டும்? அமெரிக்காவின் தேசிய தரநிர்ணய நிறுவனம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இது இருக்கிறது: குறைந்தது 64 எழுத்து வரை ஏற்க வேண்டும், ஏற்றபின் வெட்டக் கூடாது, ஒட்டுவதை அனுமதிக்க வேண்டும். மேல் எல்லை வைப்பதில் தவறில்லை. பெட்டி அதைத் தானாக வெட்டாமல், "அதிகபட்சம் 64 எழுத்து, நீங்கள் கொடுத்தது 71" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அதே வழிகாட்டுதல் இன்னொன்றும் சொல்கிறது, அதுவும் புதியவர்களை விரட்டும் விஷயம். ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு சிறப்புக்குறி என்று கட்டாயப்படுத்த வேண்டாம் என்று 2017-இல் அறிவுரையாகச் சொன்னார்கள். 2025 பதிப்பில் கட்டாயப்படுத்தவே கூடாது என்று விதியாக்கிவிட்டார்கள். பாஸ்வேர்டு மட்டுமே காவல் என்றால் குறைந்தது 15 எழுத்து வேண்டும். ஆனாலும் இன்றைக்கும் சைன் அப் திரைகள் பரீட்சை நடத்துகின்றன. அதிலும் விதிகளை முன்கூட்டிச் சொல்லாமல், ஒவ்வொரு முறை பட்டனை அழுத்தும்போதும் ஒரு புது விதியை அவிழ்க்கும் திரைகளை என்ன சொல்ல. முதலில் எண் இல்லை என்கிறது, சேர்த்ததும் சிறப்புக்குறி இல்லை என்கிறது, அதையும் சேர்த்தால் "இந்தச் சிறப்புக்குறி செல்லாது" என்கிறது. எந்தக் குறி செல்லும் என்று மட்டும் சொல்லாது.

பிழைச் செய்தி என்று வந்தாயிற்று, அதிலேயே அதிகம் சண்டை நடக்கிற ஒன்றையும் பேசிவிடுகிறேன். "மின்னஞ்சல் அல்லது பாஸ்வேர்டு தவறு" என்று பொத்தாம்பொதுவாக ஏன் சொல்கிறார்கள்? எந்தெந்த மின்னஞ்சலுக்குக் கணக்கு இருக்கிறது என்று வெளியாள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக. நியாயமான காரணம்தான். ஆனால் அதே தளத்தின் சைன் அப் திரைக்குப் போய் ஒரு மின்னஞ்சலைக் கொடுத்தால் "இந்த மின்னஞ்சலில் ஏற்கெனவே கணக்கு உள்ளது" என்று பளிச்சென்று சொல்லிவிடும். முன்வாசலுக்கு மூன்று பூட்டு, கொல்லைக் கதவு திறந்தே கிடக்கிறது. ரகசியமும் காக்கப்படவில்லை, எந்த மின்னஞ்சலில் சேர்ந்தோம் என்று நினைவில்லாமல் தவிக்கும் ஆளுக்கு உதவியும் இல்லை.

உண்மையாகவே மறைக்க வேண்டுமென்றால் முழுதாக மறையுங்கள். சைன் அப்பில் எந்த மின்னஞ்சலைக் கொடுத்தாலும் "உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறோம், பாருங்கள்" என்ற ஒரே பதில் வர வேண்டும். புதியவராக இருந்தால் அதில் உறுதிசெய்யும் இணைப்பு இருக்கும். கணக்கு ஏற்கெனவே உள்ளவராக இருந்தால் லாகின் இணைப்பு இருக்கும். லாகினில் பதில் வர ஆகும் நேரத்தையும் பார்க்க வேண்டும். கணக்கே இல்லாவிட்டால் ஹாஷ் ஒப்பிடும் வேலை இல்லாமல் சர்வர் சட்டென்று பதில் சொல்லிவிடும், அந்த வேகமே காட்டிக்கொடுத்துவிடும். இவ்வளவுக்கும் விலை, புதியவரைத் திரையை விட்டு மின்னஞ்சலுக்கு அனுப்புவது. போனவர்களில் சிலர் திரும்பி வர மாட்டார்கள். மருத்துவம், வரன் தேடல் போன்ற இடங்களுக்கு அந்த விலை தகும். குறிப்பெழுதும் செயலிக்கு எதற்கு? அங்கே "இந்த மின்னஞ்சலில் கணக்கு இருக்கிறது, உள்ளே நுழையுங்கள்" என்று நேராகச் சொல்லிவிட்டு, ஒரே இடத்திலிருந்து அடுக்கடுக்காக வரும் முயற்சிகளைக் கட்டுப்படுத்தினால் போதும் என்பது என் கட்சி.

கடைசியாக அந்தக் கண் பட்டன். பாஸ்வேர்டைக் காட்டும், மறைக்கும் பட்டன். இது இருந்தால் மேலே சொன்ன 16 எழுத்து வெட்டு அங்கேயே கண்ணில் பட்டிருக்கும், அதனாலேயே எனக்கு இது பிடிக்கும். ஆனால் இதைச் செருகும்போது பலர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். ஃபார்முக்குள் இருக்கும் `<button>`-க்கு வகை எதுவும் கொடுக்காவிட்டால் அது அனுப்பும் பட்டனாகவே எடுத்துக்கொள்ளப்படும். கண் பட்டன் லாகின் பட்டனுக்கு முன்னால் வருவதால், பாஸ்வேர்டை அடித்துவிட்டு என்டர் தட்டினால் உலாவி முதலில் உள்ள கண்ணைத்தான் அழுத்தும். கண்ணை அழுத்தினால் ஃபார்ம் போய்விடாதபடி ஸ்கிரிப்டில் தடுத்திருந்தால், லாகினுக்குப் பதில் உங்கள் பாஸ்வேர்டு திரையில் பட்டவர்த்தனமாக நிற்கும், பக்கத்தில் ஆள் இருக்கும்போது. சரிசெய்ய ஒரு சொல் போதும்:

```html
<button type="button" aria-label="பாஸ்வேர்டைக் காட்டு">
```

மவுஸில் மட்டும் சோதிப்பவர் கையில் இது சிக்கவே சிக்காது; என்டர் தட்டிப் பார்க்க வேண்டும். கண் பட்டன் ஒழுங்காக வேலை செய்தால், "பாஸ்வேர்டை மறுபடி உள்ளிடவும்" என்ற அந்த இரண்டாவது பெட்டியையும் எடுத்துவிடலாம். நகலெடுத்து ஒட்டுபவர் இரண்டிலும் ஒரே எழுத்துகளைத்தான் ஒட்டப்போகிறார், இரண்டும் ஒரே இடத்தில் வெட்டப்படும், பொருந்துகிறது என்று பச்சை டிக்கும் விழும்.