இஃப்தார் பெட்டிக்குள் கஞ்சியை நாங்கள் ஏன் வைப்பதில்லை

ரமலான் பிறை தென்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே, சென்னையில் கேட்டரிங் நடத்துகிறவர்களின் இஃப்தார் பெட்டி அறிவிப்புகள் வரத் தொடங்கிவிடுகின்றன. பன்னிரண்டு வகை, பதினைந்து வகை என்று எண்ணிக்கையைப் பெரிதாகப் போட்டு, ஓர் ஓரத்தில் பிறை படத்தையும் சேர்த்துவிட்டால் அறிவிப்பு முடிந்துவிட்டது என்ற எண்ணம் எங்கள் தொழிலில் இருக்கிறது. ராயப்பேட்டையில் இயங்கும் எங்கள் சமையற்கூடத்தின் இவ்வாண்டு அறிவிப்பையும் இந்தப் பதிவிலேயே தருகிறேன். எங்கள் பெட்டியில் வகைகள் குறைவு. கஞ்சி பெட்டிக்குள் இருக்காது. அது தனியாக, வெப்பம் காக்கும் எவர்சில்வர் கேனில் வரும். "நோன்புக் கஞ்சி இல்லாமல் என்ன இஃப்தார் பெட்டி?" என்று கேட்பவர்களுக்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நோன்புக் கஞ்சி எப்படிச் செய்யப்படுகிறது என்பது தமிழ்நாட்டில் பெரும்பாலானோருக்குத் தெரியும். பச்சரிசி நொய்யும் பாசிப்பருப்பும் கொஞ்சம் வெந்தயமும் சேர்த்து, இஞ்சி பூண்டு விழுது, வெங்காயம், தக்காளி, புதினா, கொத்தமல்லி ஆகியவற்றோடு தாளித்து, விரும்பினால் கொத்துக்கறி போட்டு, குழையக் குழைய வேகவிட்டு, இறக்கும் நேரத்தில் தேங்காய்ப்பால் ஊற்றுவார்கள். இதை அடுப்பிலிருந்து இறக்கி அங்கேயே பரிமாறினால் எந்தச் சிக்கலும் இல்லை. இருநூற்றைம்பது மில்லி கொள்ளும் மெல்லிய கப்பில் ஊற்றி, மூடி, அட்டைப் பெட்டிக்குள் வைத்து, வண்டியில் ஏற்றி அனுப்பும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அளவு சிறிதாக இருப்பதால் சூடு வேகமாக இறங்கும். ஒரு மணி நேரத்துக்குள் அறுபது பாகைக்குக் கீழே போய்விடும். சமைத்த சூடான உணவை அறுபது பாகைக்கு மேலேயே வைத்திருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பின் அடிப்படை விதி. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்றொரு பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். அவை கொதியிலும் சாகாமல் தங்கி, உணவு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகுகின்றன. அவற்றில் ஒரு வகை உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. தேங்காய்ப்பால் கெட்டால் புளித்த வாடை அடிக்கும், மேலே நுரை கட்டும், நீர் தனியாகப் பிரியும், எவரும் கண்டுபிடித்துவிடலாம். இந்த நச்சோ வாடையாகவும் தெரியாது, ருசியாகவும் தெரியாது. ஆகவே இங்கே மூக்கை நம்ப முடியாது. வெப்பமானியையும் கடிகாரத்தையும்தான் நம்ப வேண்டும்.

பாதுகாப்பு ஒருபுறம் இருக்க, ஆறிய கஞ்சி இறுகி, களியைப் போல் கப்போடு ஒட்டிக்கொள்ளும். ஏறத்தாழ பதின்மூன்று மணி நேரம் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் இருந்துவிட்டு, பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்துக்கொண்ட பிறகு ஒருவர் கஞ்சியைத் தேடுவது, வறண்ட தொண்டைக்கும் வெறும் வயிற்றுக்கும் அது இதமாக இருக்கும் என்பதால்தான். அவர் கையில் கரண்டியால் தோண்ட வேண்டிய ஒன்றைக் கொடுத்துவிட்டு, பெட்டியில் ரமலான் வாழ்த்து அச்சிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பெருங்குடி பக்கம் ஓர் அலுவலகத்தில் நூற்றிருபது பேருக்கு இஃப்தார் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு இருநூற்றைம்பது மில்லி என்றால் முப்பது லிட்டர். இன்னொரு முறை கேட்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள் என்பதால் முப்பத்தைந்து லிட்டர் வைப்போம். அதற்கு நான்கு கிலோ நொய், ஒரு கிலோ பாசிப்பருப்பு, இரண்டரைக் கிலோ கொத்துக்கறி போதும். மார்ச் தொடக்கத்தில் சென்னையில் மஃரிப் பாங்கு மாலை ஆறு இருபதை ஒட்டி வரும். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். ஐந்தரை மணிக்குப் பொருள் அலுவலகத்தில் இறங்கினால்தான் பந்தி வைக்க நேரம் இருக்கும். அந்த நேரத்துச் சாலை நெரிசலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால், நான்கரைக்கு வண்டி புறப்பட வேண்டும். நான்கேகாலுக்குக் கஞ்சி கொதிநிலையை ஒட்டிய சூட்டில் கேனுக்குள் போயிருக்க வேண்டும். அந்தக் கேனில் முன்கூட்டியே வெந்நீர் ஊற்றி வைத்திருந்து கொட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேனின் உட்சுவரே முதல் சூட்டை இழுத்துக்கொள்ளும். இந்த வரிசை பிசகாமல் நடந்தால், இரண்டு மணி நேரம் கழித்துத் திறக்கும்போதும் கஞ்சி எழுபது பாகைக்கு மேல் இருக்கும், ஆவி பறக்கும். பயணத்தில் கொஞ்சம் இறுகத்தான் செய்யும் என்பதால் வழக்கத்தைவிடச் சற்று நீர்க்கவே இறக்குகிறோம். எங்கள் ஆள் ஒருவர் கேனோடு வந்து, திறக்கும்போது வெப்பமானி வைத்துப் பார்த்த பிறகே கரண்டியைக் கையில் எடுப்பார்.

பெட்டிக்குள் என்ன இருக்கும் என்பதையும் இதே கணக்குதான் தீர்மானிக்கிறது. நான்கு மணிக்குப் பொரித்த சமோசா வாய்க்குப் போவது ஆறு இருபதுக்கு மேல். சூடும் இல்லாமல் குளிரும் இல்லாமல் அத்தனை நேரம் கறிச் சமோசாவை வைத்திருக்க நான் விரும்பவில்லை. ஆகவே தூரத்து ஆர்டர்களுக்கு வெங்காயச் சமோசா மட்டும்தான். கறி வேண்டுமென்றால் அது கஞ்சியில் கிடைக்கும். சமோசாவை ஆவி அடங்கும்வரை தட்டில் பரப்பி வைத்து, துளையிட்ட காகித உறையில் போடுவதால் அது நமத்துப் போவதில்லை. பழத்தை வெட்டி வைப்பதில்லை. முழு வாழைப்பழமும் ஆரஞ்சும் வைக்கிறோம். வெட்டிய தர்பூசணி படத்தில் அழகாக இருக்கும், சூடான சமோசாவுக்கு அருகில் இரண்டு மணி நேரம் இருந்தால் நீர் விட்டுப் பெட்டியையே ஊறவைத்துவிடும். இனிப்புக்குக் கடற்பாசி. இது நோன்பு மேசைக்குப் பழகிய பண்டம் என்பதோடு வேறு இரண்டு காரணங்களும் உண்டு. ஜெலட்டின் கலந்த புட்டிங் நம் ஊர் வெயிலில் உருகிவிடும், கடற்பாசி உருகாது. அதைவிட முக்கியமாக, ஜெலட்டின் விலங்கிலிருந்து எடுக்கப்படுவது; எந்த விலங்கு, எப்படி அறுக்கப்பட்டது என்ற கேள்விகளுக்குப் பாக்கெட்டில் பெரும்பாலும் பதில் இருக்காது. கடற்பாசி கடல் தாவரம் என்பதால் அந்தக் கேள்வியே எழுவதில்லை.

பெட்டியின் உள்ளே இரண்டு அறைகள் இருக்கும். நோன்பு திறந்ததும் மஃரிப் தொழுகைக்கு எழுந்துவிடுவார்கள். இடையில் கிடைப்பது சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களுக்கான மூன்று பேரீச்சம்பழங்களும் தண்ணீர் பாட்டிலும் எடுப்பாக ஓர் அறையில் இருக்க வேண்டும். நபிகள் நாயகம் கனிந்த பேரீச்சம்பழத்தாலும், அது இல்லாதபோது உலர்ந்த பேரீச்சம்பழத்தாலும், அதுவும் இல்லாதபோது தண்ணீராலும் நோன்பு திறந்தார்கள் என்று அனஸ் அவர்களின் அறிவிப்பு சொல்கிறது. பாங்கு ஒலிக்கும் நேரத்தில் ஒருவர் சமோசா உறையை விலக்கி, அதற்கடியில் பழத்தைத் தேடும்படி பெட்டியை அடுக்குவது எங்கள் வேலையில் உள்ள குறை என்றே கொள்வேன். சமோசா, பன், கடற்பாசி, பழங்கள் எல்லாம் தொழுகைக்குப் பின் நிதானமாக உண்பதற்கானவை. அவை மற்றோர் அறையில் இருக்கும்.

நான் நோன்பு நோற்பவன் அல்லன். எங்கள் கூடத்தில் சமைப்பவர்களில் பாதிப் பேர் நோன்பாளிகள், தலைமைச் சமையற்காரர் பாய் உட்பட. தேவை இருந்தால் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு, விழுங்காமல் உமிழ்ந்துவிடலாம் என்று மார்க்க அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள் என அவர் சொல்லியிருக்கிறார். ஆயினும் அந்தத் தேவையை அவருக்கு ஏற்படுத்தாமல் இருப்பது எங்கள் கடமை. அதனால் ரமலான் மாதத்தில் உப்பைக் கைக்கணக்கில் போடாமல், கஞ்சிக்கு லிட்டருக்கு ஏழு கிராம் என்று நிறுத்துப் போடுகிறோம். நோன்பு வைக்காத ஒருவர் ருசி பார்க்கிறார். கறி எந்தக் கடையிலிருந்து வருகிறது என்பதை அறிவிப்போடு சேர்த்தே எழுதித் தருகிறோம். "ஹலால்" என்ற முத்திரையை மட்டும் போட்டுவிட்டு, கேட்டால் மழுப்புவதைவிட, கடையின் பெயரைக் கொடுத்து நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதே நேர்மையான முறை.

பெட்டியோடு வைக்கும் சீட்டில் நோன்பு திறக்கும் நேரத்தை அச்சிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். சென்னைக்குள் மட்டும் விற்கும்வரை அதில் பெரிய பிழை வராது. ஆனால் கோயம்புத்தூர் மேற்கே தள்ளி இருப்பதால், அங்கே சூரியன் மறைவது சென்னையைவிடப் பத்து நிமிடங்களுக்கும் மேல் பிந்தித்தான். சென்னைச் சீட்டைப் பார்த்து அங்கே ஒருவர் நோன்பைத் திறந்தால், சூரியன் மறையும் முன்பே திறந்ததாகிவிடும். நாள் முழுவதும் காத்த நோன்பு எங்கள் சீட்டால் முறிந்துபோகும். ஆகவே நேரத்தை நாங்கள் அச்சிடுவதில்லை. அதைச் சொல்ல வேண்டியது அந்தந்த ஊர்ப் பள்ளிவாசல். அன்பளிப்பாகப் பெட்டி வழங்குபவர்களின் பெயரையும் பெட்டியில் அச்சிடுவதில்லை. நோன்பாளிக்கு உணவளிப்பவரின் நன்மையைப் பற்றி ஹதீஸ் இருக்கிறது, அதை விளம்பரப் பலகையாக்கும் வேலை எங்களுடையது அன்று என்பது என் கருத்து.

பெட்டி ஒன்று 120 ரூபாய், கஞ்சி தலைக்கு 45 ரூபாய். ஐம்பது பேருக்குக் குறைந்தால் கேன் அனுப்புவது கட்டுப்படியாகாது. அக்கம்பக்கத்து வீடுகள் ஐந்தரை மணிக்கு மேல் தூக்குச்சட்டியோடு வந்தால் அடுப்படியிலிருந்தே சுடச்சுட ஊற்றித் தருவோம். பள்ளிவாசல்களில் காலங்காலமாக நடப்பதும் அதுதான். தமிழ்நாட்டில் 2019 தொடங்கி தடை செய்யப்பட்டிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பைகளில் கொதிக்கும் கஞ்சியை ஊற்றித் தரும்படி தயவுசெய்து கேட்க வேண்டாம்.

ஆர்டரை முந்தைய நாள் நண்பகலுக்குள் சொல்ல வேண்டும். முதல் நோன்புக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது, ஏனெனில் பிறை தெரிந்ததா என்பது முந்தைய நாள் மாலைக்குப் பிறகுதான் உறுதியாகும். முதல் நாளுக்குப் பதிவு செய்தவர்களின் தொகை, பிறை தள்ளிப்போனால் தானாகவே மறுநாளுக்கு மாறும். வேண்டாம் என்பவர்களுக்கு முழுவதும் திருப்பித் தரப்படும். முப்பதாம் நோன்புக்கும் இதே ஏற்பாடுதான். இருபத்தொன்பதாம் நாள் மாலை பெருநாள் பிறை தெரிந்துவிட்டால் மறுநாள் பெட்டி இல்லை, பணம் திரும்பும். அந்த நாளுக்கு வாங்கிய நொய்யும் பருப்பும் கெட்டுப்போகாதவை. கறியும் தேங்காயும் பிறை அறிவிப்புக்குப் பிறகே வாங்கப்படும் என்பதால், அந்த ஒரு நாளின் கஞ்சியில் கொத்துக்கறி கிடைக்குமா என்பதை இரவு ஒன்பது மணிக்குமேல் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.