நான்காவது போர்ட்

நேற்று அந்த கேமிங் குழுவில் நடந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். என் பிஎஸ்5 கன்சோலில் 120 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படும் படம், ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தேன். ‘பிஎஸ்5 வாங்கத் தெரிந்தவருக்கு ஒரு செட்டிங் மாற்றத் தெரியவில்லை’ என்று எழுதிய நண்பருக்கும், அதற்குச் சிரிப்புக்குறி போட்டவர்களுக்கும் ஒன்றை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். கோளாறு செட்டிங்கில் இல்லை. கேபிளைச் செருகிய இடத்தில் இருந்தது.

கன்சோலின் Video Output பகுதியில் Enable 120 Hz Output என்பதை நான் முதல் நாளே Automatic என வைத்துவிட்டேன். ஆனால் டிவியின் ஒவ்வொரு ஹெச்டிஎம்ஐ போர்ட்டும் தன்னால் எதை ஏற்க முடியும் என்பதைக் கன்சோலுக்குத் தனித்தனியாகவே தெரிவிக்கிறது. எங்கள் டிவியில் முதல் மூன்றும் விநாடிக்கு 18 ஜிகாபிட் வரைதான் தாங்கும். 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் அனுப்ப அது போதும், 120-க்குப் போதாது. நான்காவது ஒன்றுதான் அதற்கானது. தவறான போர்ட்டில் செருகினாலும் எந்த எச்சரிக்கையும் வராது, படம் அழகாகவே தெரியும். Video Output Information திரையில், இணைக்கப்பட்ட டிவி ஏற்பவற்றின் பட்டியலில் 120 Hz என்ற வரி இல்லாததைப் பார்த்துத்தான் எனக்கே புரிந்தது.

‘டிவியின் பின்னால் அச்சிட்டிருக்கிறதே’ என்பார்கள். அச்சிட்டிருக்கிறது, ஐயா. சுவரில் ஆணியடித்து மாட்டிய டிவிக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. கைப்பேசியை உள்ளே நீட்டிப் படமெடுத்துத்தான் அந்த எழுத்தைப் படித்தேன். அங்கே ஏற்கெனவே குடியிருந்தது அப்பாவின் செட்டாப் பாக்ஸ். டிவி மாட்ட வந்தவர் கைக்கு எட்டிய போர்ட்டில் செருகிவிட்டுப் போயிருக்கிறார். அப்பாவுக்கோ மூன்று வருடமாக ‘நாலு என்றால் நியூஸ்’. அதை ஒன்றுக்கு மாற்றிவிட்டு, அவரிடம் வாங்கிய பேச்சுக்கு முன்னால் குழுவில் வாங்கியதெல்லாம் ஒன்றுமே இல்லை.

மாற்றிய பிறகும் அந்த வரி வரவில்லை. டிவியின் சொந்த அமைப்புக்குள் போய், அந்தப் போர்ட்டுக்கு மட்டும் உயர்தர சிக்னலை அனுமதித்ததும் திரை ஒரு கணம் இருண்டு திரும்பியது. பட்டியலில் 120 Hz வந்துவிட்டது.

கேபிளைக் குறை சொன்னவர்களுக்கு: கன்சோலுடன் பெட்டியில் வந்த கேபிள்தான் அது, இதற்கென்றே தரப்பட்டது. ‘முகப்புத் திரையில் 60 என்றுதானே காட்டும், விளையாட்டும் ஆதரிக்க வேண்டுமே’ என்றவர் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஃபோர்ட்நைட்டில் 120 FPS Mode-ஐத் தனியாக இயக்க வேண்டியிருந்தது. ஆனால் அதையும் சிரிக்காமல் சொல்லியிருக்கலாம். ‘கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது’ என்பவரிடம் நான் வாதாடப் போவதில்லை. தெரியாதவருக்கு இரண்டு போர்ட்டுகள் காலியாகவே இருக்கின்றன.

முதலில் போர்ட், பிறகு டிவி, அதன் பிறகே கன்சோல். இதை நேற்றே ஒருவர் சொல்லியிருந்தால் அப்பாவிடம் மட்டும் திட்டு வாங்கியதோடு முடிந்திருக்கும். செட்டிங் தெரியாதவன் என்று எழுதிய அந்த நண்பரிடம், அவர் வீட்டில் கன்சோல் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று காலையில் கேட்டிருந்தேன். பார்த்துவிட்டார், பதில் இன்னும் வரவில்லை.