பச்சையாத்தானே இருக்கு, இதையும் அவங்களுக்கே போடுங்க

யார் தலையில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று வாராவாரம் ஒரு கலர் அட்டவணை போட்டுக் காட்டுகிறார்களே, அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. வயிறு எரிந்துதான் எழுதுகிறேன். ஹீட் மேப் என்று அதற்குப் பெயர். இடப்பக்கம் ஆட்களின் பெயர், மேலே வாரங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஆளுக்கு அந்த வாரம் விழுந்திருக்கும் மணிநேரம். குறைவாக இருந்தால் பச்சை, அளவைத் தாண்டினால் சிவப்பு. யார் மூச்சுத் திணறப் போகிறார்கள் என்று முன்கூட்டியே பார்த்துச் சுமையை இறக்கி வைக்கத்தான் இந்த ஏற்பாடு. எங்கள் டீமில் நடப்பதோ நேர் எதிர். ஏற்கனவே நொந்து கிடப்பவரைப் பச்சையாகக் காட்டி, அவர் தலையிலேயே அடுத்ததையும் ஏற்றுகிறார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். 2025 ஜூன் 9, திங்கட்கிழமை. எங்கள் டீமில் பேக்எண்ட் பார்க்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். அன்று காலை அவர் பெயரில் நான்கு டாஸ்க் இருந்தன. பேமென்ட் வேலை ஒன்று, 30 மணிநேரம் மிச்சம், 20-ஆம் தேதி முடிக்க வேண்டும். ரிப்போர்ட் ஒன்று, 20 மணிநேரம், அதே 20-ஆம் தேதி. சின்ன பக் ஒன்று, 6 மணிநேரம், 12-ஆம் தேதி. இவை போக, மே 30-லேயே முடிந்திருக்க வேண்டிய பழைய வேலை ஒன்றில் இன்னும் 10 மணிநேரம் பாக்கி.

அட்டவணை அந்த வாரத்துக்கு என்ன காட்டியது தெரியுமா? 6 மணிநேரம். நாற்பதில் ஆறு, அதாவது 15 சதவீதம். பளிச்சென்று பச்சை. மேனேஜர் திரையைப் பார்த்துவிட்டு, "இவங்க ஃப்ரீயாத்தானே இருக்காங்க" என்று 12 மணிநேர அவசர வேலை ஒன்றை, வெள்ளிக்கிழமைக்குள் என்று போட்டு அக்கா தலையில் வைத்தார். "சார், என்கிட்ட ஏற்கனவே நிறைய இருக்கு" என்று அக்கா சொன்னார். "ஷீட்ல அப்படி இல்லையேம்மா" என்று பதில். இருபது பேர் கேட்டுக்கொண்டிருக்கும் மீட்டிங்கில், ஒரு மனுஷி வாயால் சொல்வதை விட ஒரு எக்செல் கட்டத்துக்கு மதிப்பு அதிகமாகிவிட்டது.

அந்த 6 எங்கிருந்து வந்தது? அந்த ஷீட்டில் எல்லா மணிநேரத்தையும் டியூ டேட் விழும் வாரத்திலேயே மொத்தமாகக் கொட்டுகிறார்கள். இரண்டு வாரம் உட்கார்ந்து செய்ய வேண்டிய 30 மணிநேர வேலையும், அதனோடு சேர்ந்து ஓடும் 20 மணிநேர ரிப்போர்ட்டும் முழுசாக அடுத்த வாரத்தில் போய் விழுந்துவிட்டன. அதனால் இந்த வாரம் 15 சதவீதம் பச்சை, அடுத்த வாரம் 50 மணிநேரம், 125 சதவீதம், ரத்தச் சிவப்பு. எந்த மனிதர் இப்படி வேலை செய்கிறார்? திங்கள் முதல் வெள்ளி வரை சும்மா இருந்துவிட்டு, கெடு வாரத்தில் மட்டும் ஐம்பது மணிநேரம் டைப் அடிப்பாரா? மே 30-இல் நின்றுபோன அந்த 10 மணிநேரம் இன்னும் கொடுமை. டியூ டேட் போன வாரங்களில் இருப்பதால் அது அட்டவணையிலிருந்தே ஓடிப் போய்விட்டது. தாமதமான வேலைதான் ஒருவரை ராத்திரி தூங்கவிடாமல் செய்யும். அந்த வேலைதான் இந்த ஷீட்டில் இல்லவே இல்லை.

சிவப்பைக் கண்டதும் அவர்கள் செய்ததைக் கேட்டால் உங்களுக்கும் கோபம் வரும். ரிப்போர்ட்டின் டியூ டேட்டை ஒரு வாரம் தள்ளிப் போட்டார்கள். கட்டம் ஆரஞ்சாகிவிட்டது, "பேலன்ஸ் பண்ணியாச்சு" என்று மினிட்ஸில் எழுதினார்கள். அக்காவின் மேசையிலிருந்து ஒரு மணிநேர வேலை கூடக் குறையவில்லை. தேதியை நகர்த்தினார்கள், சுமையை நகர்த்தவில்லை.

சரி, ஒழுங்காகப் போட்டால் அந்த வாரம் எப்படி இருந்திருக்கும்? பேமென்ட் வேலைக்கு ஜூன் 9 முதல் 20 வரை பத்து வேலை நாள். 30 மணிநேரத்தைப் பத்தால் வகுத்தால் நாளுக்கு 3, வாரத்துக்கு 15. ரிப்போர்ட் வாரத்துக்கு 10. பக் 6. பழைய பாக்கி 10, அது இந்த வாரமே முடிய வேண்டியது. கூட்டினால் 41. இது மேனேஜர் கொடுத்த அந்த அவசர வேலைக்கு முன்பு. இதைச் செய்யப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். `Tasks` ஷீட்டில் B-யில் ஆள், C-யில் மிச்ச மணிநேரம், D-யில் தொடக்கம், E-யில் கெடு இருக்கிறது என்று வையுங்கள். H1-இல் இந்த வாரத் திங்கட்கிழமை, I1-இல் அடுத்த திங்கள், இப்படியே வலப்பக்கம். `Leave` என்ற பெயரில் விடுமுறைப் பட்டியல். அப்புறம் இவ்வளவுதான்:

```
F2: =MAX(D2,$H$1)
G2: =MAX(E2,$H$1+4)
H2: =$C2*MAX(0,NETWORKDAYS(MAX($F2,H$1),MIN($G2,H$1+4),Leave))/NETWORKDAYS($F2,$G2,Leave)
```

F-உம் G-உம் செய்வது ஒன்றே ஒன்று. கெடு தாண்டிய வேலையை இழுத்து வந்து இந்த வாரத்தில் உட்கார வைக்கின்றன. H, மிச்ச மணிநேரத்தை வேலை நாட்களுக்குப் பங்கிட்டு, அந்தந்த வாரத்துக்கு உரியதை மட்டும் கொடுக்கிறது. வலப்பக்கம் இழுத்துவிட்டால் மற்ற வாரங்களும் நிரம்பிவிடும். அரை மணிநேர வேலை. இதைச் செய்யச் சொல்லி நான் மெயில் போட்டதற்கு வந்த பதில், "இப்ப இருக்கறதே சிம்பிளா இருக்கு" என்பது.

இனி கீழே போடும் எண்ணுக்கு வருகிறேன், அதாவது எதனால் வகுக்கிறோம் என்பதற்கு. எல்லாருக்கும் நாற்பது மணிநேரம் என்று வைத்திருக்கிறார்கள். அக்காவுக்கு வாரத்தில் ஒரு நாள் புரொடக்ஷன் சப்போர்ட் முறை. அன்று எந்த டாஸ்க்கையும் தொட முடியாது, 8 மணிநேரம் போச்சு. ஸ்டாண்டப், பிளானிங், மற்றவர்கள் எழுதிய புரோகிராமை ரிவ்யூ செய்வது எல்லாம் சேர்த்து இன்னொரு 6. மிஞ்சுவது 26. 41-ஐ 26-ஆல் வகுத்தால் 158 சதவீதம். ஷீட்டில் 15, நிஜத்தில் 158! அந்த அவசர வேலையையும் சேர்த்தால் 53 மணிநேரம், இருநூறு சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. ரிவ்யூ விஷயம் எனக்குத் தனியாகவே ஆத்திரம் மூட்டுவது. ஒரு டாஸ்க்குக்கு ஒரு பெயர்தான் போட முடியும், அது புரோகிராம் எழுதுபவரின் பெயர். அனுபவசாலி யாரோ அவரிடம்தான் எல்லா ரிவ்யூவும் போகும், ஆனால் ஒரு நிமிடம் கூட அவர் கணக்கில் ஏறாது. டீமில் யார் மூத்தவரோ அவர்தான் ஷீட்டில் எப்போதும் காலியாகத் தெரிவார்.

எஸ்டிமேட் போடாத டாஸ்க்குகள் வேறு இருக்கின்றன. ஆள்வாரியாக மணிநேரத்தைக் கூட்டும் `SUMIFS`-க்குக் காலிக் கட்டமும் பூஜ்ஜியமும் ஒன்றுதான். எவ்வளவு நேரம் ஆகும் என்று யாருக்கும் பிடிபடாத, அதனாலேயே எண் போடாமல் விட்ட வேலைதான் வழக்கமாக ஆளை விழுங்கும். அது பூஜ்ஜியமாக உட்கார்ந்து கட்டத்தைப் பச்சையாக்குகிறது. சதவீதத்துக்குப் பக்கத்திலேயே "எண் போடாதவை 3" என்று ஒரு சின்னக் கட்டம் வைத்தால் போதும், பார்ப்பவருக்கு உறுத்தும்.

நிறத்தைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். எக்செல்லில் Red - Yellow - Green என்ற மூன்று கலர் ஸ்கேலை அப்படியே போட்டால், அந்தப் பட்டியலில் மிகக் குறைந்த எண்ணுக்குப் பச்சை, நடு எண்ணுக்கு மஞ்சள், மிக அதிகமான எண்ணுக்குச் சிவப்பு. நூறு சதவீதம் என்ற எல்லையே அதற்குத் தெரியாது. ரிலீஸ் வாரத்தில் டீம் முழுவதும் 130-க்கும் 160-க்கும் நடுவில் திணறிக்கொண்டிருந்தாலும், 130-இல் இருப்பவர் பச்சையாகத்தான் தெரிவார். "யாராவது ஃப்ரீயா இருக்காங்களா" என்று தேடும் கண் நேராக அவரிடம்தான் போகும். ஸ்கேலின் அமைப்பில் Lowest, Percentile, Highest என்று இருப்பதை Number என்று மாற்றி 0.7, 0.9, 1.1 என்று எல்லைகளை நிலையாகப் போட வேண்டும். அப்போது எல்லாரும் சிவப்பானால் எல்லாரும் சிவப்பாகத் தெரிவார்கள். வேலையை ஆள் மாற்றிக் கொடுத்துத் தப்பிக்க முடியாது, வேலையையே குறைக்க வேண்டும் என்று மேலே சொல்ல வேண்டிவரும். அந்தப் பேச்சை எடுக்க விருப்பமில்லாமல்தான் யாரும் இந்த அமைப்பைத் தொட மாட்டேன் என்கிறார்களோ என்று எனக்கு உறுதியான சந்தேகம்.

இவ்வளவும் திருத்தினாலும் ஷீட்டுக்குத் தெரியாதது நிறைய உண்டு. மிச்ச மணிநேரத்தை யாரும் புதுப்பிக்காவிட்டால் எல்லாக் கணக்கும் பொய். மணிநேரம் ஒரே சீராகத்தான் செலவாகும் என்பதும் ஒரு அனுமானம்தான். பல வேலைகள் கடைசி வாரத்தில்தான் கழுத்தைப் பிடிக்கும். அதனால்தான் சொல்கிறேன், அந்தக் கட்டம் பச்சை என்றால் "பச்சையா இருக்கே, உங்களுக்கு அப்படித் தோணுதா?" என்று சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டுவிட்டு அவர் சொல்வதை நம்புங்கள்.

அதைச் செய்யாமல் எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள்? போன அப்ரைசலில் இதே ஹீட் மேப்பைத் திறந்து வைத்து, யார் கட்டம் அதிக வாரம் பச்சையாக இருந்தது என்று எண்ணினார்கள். அக்காவின் பெயர் அதில் மேலே வந்தது. எதிரே உட்கார்ந்து "வேலை கம்மியாத்தான் இருந்திருக்கு போல" என்று சொல்லியிருக்கிறார்கள். வெளியே வந்து என்னிடம் சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது. செய்தி டீம் முழுக்கப் பரவ ஒரு மதியம் போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து 4 மணிநேர வேலைக்கு எல்லாரும் 10 போடுகிறார்கள். பையன்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களும் பிழைக்க வேண்டும். இப்போது ஷீட் முழுக்கச் சிவப்பு. அதில் எது பயத்தில் போட்ட எண், எது நிஜச் சுமை என்று பிரித்துச் சொல்ல எங்கள் மேனேஜரால் முடியவில்லை. பிரிக்கத் தெரிந்த ஒரே ஆள் அக்காதான், அவர் நோட்டீஸ் கொடுத்துவிட்டார்.