விலையும் ஏறுது, வேலையும் போகுது: நிரம்பல் கோடு ஏன் இடப்பக்கம் நகர்கிறது?

"சாமான் விலை ஏறுதென்றால் சனத்திடம் காசு புழங்குது என்றுதான் அர்த்தம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். பாதிதான் சரி. காசு புழங்கி விலை ஏறினால் வியாபாரமும் கூடவேண்டும், ஆட்களுக்கு வேலையும் கிடைக்கவேண்டும். விலை ஏற ஏற வியாபாரம் படுத்துக்கொண்டே போனால், கோளாறு நிரம்பல் பக்கம், அதாவது சாமானைச் செய்து சந்தைக்குக் கொண்டுவருகிற பக்கம்.

மட்டக்களப்பில் இதைக் கண்ணால் பார்த்தோம். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயானது. கல்லடிப் பக்கம் எஞ்சின் படகொன்று ஒருமுறை போய்வர 20 லீற்றர் எரிக்கிறது என்று வைப்போம். 1,740 ரூபாய்ச் செலவு 6,800 ஆகிறது. கடலில் மீன் கூடவில்லை, வலையும் அதே வலை. முந்தி 5,000 ரூபாய்க்கு மீன் படும் என்று நம்பித் தள்ளிய படகு இப்போது கரையிலேயே கிடக்கும். போகிற சில படகுகளின் மீனைச் சந்தையில் கூடின விலைக்கு வாங்குவோம். பழைய விலைக்குப் பழைய அளவு மீன் கொண்டுவர ஆளில்லை. விலையை மேல்நோக்கியும் அளவை வலப்பக்கமாகவும் குறித்து, எந்த விலைக்கு எவ்வளவு விற்க வருவார்கள் என்று கீறும் கோடுதான் நிரம்பல் வளையி. அது இடப்பக்கம் நகர்வது என்றால் இதுதான்.

மீன் மட்டும் என்றால் அது ஒரு சந்தையின் கதையோடு முடியும். ஆனால் எரிபொருள் எல்லாவற்றுக்குள்ளும் இருக்கிறது: அம்பாறையில் நெல் வெட்டும் மெசின், நெல் ஏற்றும் லொறி, பஸ். எல்லாருடைய செலவும் ஒரே நேரத்தில் ஏறும்போது, எந்த விலை மட்டத்திலும் நாடு முழுக்க உற்பத்தி குறைகிறது. அதனால்தான் நாட்டின் மொத்த உற்பத்தியைக் காட்டும் கூட்டு நிரம்பல் வளையியே நகர்கிறது. எந்த விலை மட்டத்தில் எல்லாரும் சேர்ந்து எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் கூட்டுக் கேள்வி வளையி அசையாமல் நிற்க, இரண்டும் வெட்டும் புள்ளி மேலேயும் இடப்பக்கமும் போகிறது. விலை கூட, உற்பத்தி குறைய. பெயர் தேக்க வீக்கம்.

1973 கடைசியில் மசகு எண்ணெய் பீப்பா சுமார் 3 டொலரிலிருந்து சில மாதங்களில் 12 டொலரை நெருங்கியபோது, அமெரிக்கா இதில்தான் மாட்டியது. 1975 மே மாதம் அங்கே வேலையின்மை 9 சதவீதம். மத்திய வங்கியிடம் இருப்பதோ கேள்வியை நகர்த்தும் கருவி. வட்டியைக் குறைத்தால் வேலை கொஞ்சம் மீளும், விலை இன்னும் ஏறும். வட்டியைக் கூட்டினால் விலை தணியும், வேலை இன்னும் போகும்.

நம்முடைய 2022ஐ எண்ணெயின் தலையில் மட்டும் கட்டமுடியாது. ரூபாய் சரிந்தது, காசு அச்சடித்தார்கள், டொலர் இல்லாமல் எரிபொருளே வரவில்லை. அந்த ஏப்ரலில் மத்திய வங்கி வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி கூட்டியது. அச்சடித்த காசின் பக்கத்துக்கு அது தேவைதான் என்பது என் கருத்து. ஆனால் அந்த வட்டி ஒரு லீற்றர் மண்ணெண்ணெயைக்கூட மலிவாக்காது. படகுக்காரர் வாங்கிய கடனின் தவணைதான் ஏறும்.

அப்புறம் சம்பளம். விலைக்கேற்ப எல்லாரும் சம்பளம் கூட்டிக் கேட்டு வாங்கினால் செலவு மறுபடி ஏறி, வளையி இன்னும் இடப்பக்கம் போகும். கேட்காவிட்டால் எண்ணெய்க்கான நட்டத்தைக் கூலிக்காரன் தன் சாப்பாட்டில் குறைத்துக் கட்டுகிறான். 'சம்பளம் கேட்டுத்தான் விலையை ஏற்றினார்கள்' என்று அவனையே குற்றம் சொல்பவர்களிடம் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்: முதல் நகர்வு அவன் கையில் இருக்கவில்லை.